காலி பண்றதுக்கு முன்னாடியே ஓனரோட சேர்ந்து வீட்டைப் பார்த்து, பிடித்தம் எவ்வளவுன்னு பேசி முடிக்கிறது எப்படி?

கூடுமாறி | 1 மே 2025, இரவு 9:40

வேளச்சேரியில 2 பிஎச்கே ஃப்ளாட். மூணு வருஷம் குடியிருந்தாச்சு. வாடகை 20,000, அட்வான்ஸ் ஒரு லட்சம். மார்ச் கடைசியிலேயே ரெண்டு மாச நோட்டீஸ் குடுத்தாச்சு, மே 31 காலி. ஓனர் என்ன சொல்றார்னா, "நீங்க சாவியக் குடுத்துட்டுக் கிளம்புங்க, நான் பெயின்டர், பிளம்பரைக் கூட்டிட்டு வந்து பார்த்துட்டு, செலவு போக மீதியை அனுப்பறேன்."

சாவி போனதுக்கு அப்புறம் அவர் எதைச் சொன்னாலும் எங்கிட்ட பதில் இருக்காது. அதனால நான் இருக்கும்போதே ரெண்டு பேரும் சேர்ந்து வீட்டைப் பார்த்து, எதுக்கு எவ்வளவு பிடிப்பார்னு எழுதி வெச்சுக்கணும். இதை அவர்கிட்ட எப்படிக் கேக்கறது, எப்போ கேக்கறது? கேக்க எனக்கு உரிமை இருக்கா?

மூணாம்பக்கம் | 1 மே 2025, இரவு 10:15

உரிமை பத்திக் கவலையே படாதீங்க. 2017 வாடகைச் சட்டம் இருக்கு. அதுல சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறது எல்லாம் ஓனர் பொறுப்புன்னு தெளிவா போட்டிருக்கு. பெயின்டிங்னு ஒரு ரூபாய் கூட பிடிக்க முடியாது. மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கினதே தப்பு. இதைச் சொல்லி ஒரு மெயில் போடுங்க, தானா வழிக்கு வருவார்.

சாவிக்கொத்து | 2 மே 2025, காலை 6:50

மெயில் போடறதுக்கு முன்னாடி அக்ரிமென்ட்டை எடுத்துப் படிங்க தம்பி.

மூணாம்பக்கம் சொன்னது பாதி சரி. அந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்தது. அதோட ரெண்டாவது அட்டவணையில பெயின்டிங் ஓனர் பக்கம்தான் இருக்கு. ஆனா அந்தப் பங்கீடு, எழுத்துல வேற மாதிரி ஒப்புக்கொள்ளாத வரைக்கும்தான். சென்னையில போடற அக்ரிமென்ட்ல பாதிக்கு மேல "காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை" என்ற வரி இருக்கும். கையெழுத்துப் போட்டிருந்தா அதுதான் பேசும். மூணு மாச அட்வான்ஸ் வரம்பும் அப்படித்தான், ஒப்பந்தத்துல வேற சொல்லியிருந்தா வேற.

சேர்ந்து வீட்டைப் பார்க்கறதுக்கு வருவோம். காலி பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்தே ஆகணும்னு அந்தச் சட்டத்துல தனிப் பிரிவு கிடையாது. உங்களுக்குச் சாதகமா இருக்கறது வேற ரெண்டு. காலி பண்ணின ஒரு மாசத்துக்குள்ள, உங்க பொறுப்புல வர்றதை மட்டும் கழிச்சுட்டு அட்வான்ஸைத் திருப்பணும். வழக்கமான தேய்மானத்தை உங்க தலையில கட்ட முடியாது. இந்த ரெண்டையும் வெச்சு உரிமைன்னு சண்டைக்குப் போறதை விட, "ரெண்டு பேருக்கும் வேலை சுலபம்"னு கேட்டா நடக்கும்.

அக்ரிமென்ட்ல பெயின்டிங் வரி இருக்கான்னு பார்த்துச் சொல்லுங்க. குடி வந்தப்போ ஃபிட்டிங்ஸ் பட்டியல் இணைச்சிருக்கான்னும் பாருங்க.

கூடுமாறி | 2 மே 2025, காலை 8:05

வரி இருக்கு. "ஒரு மாத வாடகைத் தொகை வண்ணப்பூச்சுக்காகப் பிடித்தம் செய்யப்படும்." பட்டியலும் இருக்கு: 5 ஃபேன், 9 டியூப்லைட், 1 கீசர், 2 பெட்ரூம் கப்போர்டு, மெயின் டோர் சாவி 3. எந்த நிலைமையில இருந்துச்சுன்னு ஒண்ணும் எழுதலை. எண்ணிக்கை மட்டும்தான்.

மதுரைக்காரி | 2 மே 2025, காலை 11:20

எங்க ஊர்ல ஒத்திக்குத்தான் வீடு எடுப்போம். 6 லட்சம் குடுத்திருக்கோம், மாச வாடகை கிடையாது, காலி பண்ணும்போது முழுப் பணமும் திரும்ப வரணும். குடி போறதுக்கு முன்னாடி வீட்டைச் சேர்ந்து பாக்கறது நல்ல யோசனைதான். ஆனா ஒத்தி வீட்டுக்கு பெயின்டிங் எல்லாம் பிடிப்பாங்களா?

சாவிக்கொத்து | 2 மே 2025, மதியம் 1:30

மேடம், தம்பி கேக்கறது குடி போகும்போது இல்லை, வெளியேறும்போது. ஆனா உங்க விஷயத்துக்கு இது இன்னும் கூடுதலா பொருந்தும். ஒத்தியில பெரும்பாலும் அடுத்து வர்றவங்க குடுக்கற பணத்துலதான் உங்களுக்குத் திருப்புவாங்க. புதுசா வர்றவங்க வீட்டைப் பார்த்துட்டு "அது உடைஞ்சிருக்கு, இது ஒழுகுது"ன்னு விலை பேசுவாங்க, அந்தக் குறையை உங்க கணக்குல ஏத்தற பேச்சு அப்போதான் வரும். அவங்க வந்து பார்க்கறதுக்கு முன்னாடியே வீட்டுக்காரரோட நீங்க பார்த்து எழுதி வாங்கிடுங்க. பெயின்டிங் பிடிப்பாங்களான்னா, ஒத்திப் பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதுதான்.

சாவிக்கொத்து | 2 மே 2025, மதியம் 2:10

தம்பிக்கு. ஒரு தடவை பார்த்தா போதாது, ரெண்டு தடவை பார்க்கணும்.

முதல் தடவை, காலி பண்றதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடி, சாமான் எல்லாம் இருக்கும்போதே. இதோட நோக்கம் பணம் இல்லை, பட்டியல். எது உங்க பொறுப்பு, எது அவர் பொறுப்பு, உங்க பொறுப்புல எதை நீங்களே சரி பண்ணிக் குடுத்துடுவீங்க, எதுக்குப் பணம் பிடிச்சுக்கட்டும். நீங்களே ஆள் வெச்சுச் செஞ்சா ஆகற செலவும், ஓனர் சொல்ற ஆள் செஞ்சா வர்ற பில்லும் ஒண்ணா இருக்காது. அதைச் செய்ய உங்களுக்கு அந்த ரெண்டு வாரம் வேணும். கடைசி நாள் மட்டும் பார்த்தா, குறை தெரியும், சரி பண்ண நேரம் இருக்காது, தொகை மட்டும் பிடிபடும்.

ரெண்டாவது தடவை, சாமான் ஏத்தின அப்புறம், வெறும் வீட்டுல, சாவி குடுக்கற நேரத்துல. அந்தப் பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் சரி பார்த்தா போதும்.

ரெண்டையும் பகல்ல வைங்க, காலை பத்து பதினோரு மணி. ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்துல சுவர்க் கறை தெரியாது, மறுநாள் வந்து "இதை அன்னிக்குப் பார்க்கலையே"ன்னு பேச்சு வரும். மேல்நிலைத் தொட்டியில தண்ணி இருக்கணும், கரன்ட் இருக்கணும்.

மாடிப்போர்ஷன் | 2 மே 2025, மாலை 7:45

நான் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

ஓனர் முன்கூட்டியே கையெழுத்துப் போடத் தயங்குவதற்குக் காரணம் பேராசை மட்டுமல்ல. கட்டில், பீரோ, வாஷிங் மெஷின் எல்லாம் சுவரோடு ஒட்டி நிற்கும்போது பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. என் வீட்டில் ஒரு குடித்தனக்காரரோடு எல்லாம் பார்த்து, "சரி, இவ்வளவுதான்" என்று எழுதிக் கொடுத்தேன். அதன் பிறகு சாமான் இறக்க வந்தவர்கள் ஃப்ரிட்ஜை இழுத்ததில் ஹாலில் இரண்டு டைல்ஸ் விரிசல் விட்டது, படுக்கையறைக் கதவு நிலையில் கோடு விழுந்தது. அவரிடம் கேட்டால், "நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே சார்" என்றார். அன்றிலிருந்து யார் கேட்டாலும் சாவி வாங்கிய பிறகுதான் பார்ப்பேன்.

சாவிக்கொத்து | 2 மே 2025, இரவு 8:30

சார் சொன்ன இடத்துலதான் எல்லாப் பேச்சும் முறியும். டெனன்ட் "இதுதான் கடைசிக் கணக்கு, இனி எதுவும் கிடையாது"ன்னு எழுதச் சொன்னா எந்த ஓனரும் போட மாட்டார், போடவும் கூடாது. எழுதற காகிதத்துலயே அவருக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சாத்தான் கையெழுத்து வரும். இப்படி ரெண்டு வரி:

"இன்று பார்த்து இதில் எழுதியுள்ள இனங்களுக்கு இந்தத் தொகையே இறுதி. இன்று பார்க்க முடியாத இடங்களிலும் (பட்டியல் கீழே), சாமான் ஏற்றும்போது புதிதாக ஏற்படும் சேதத்திற்கும் மட்டும், சாவி ஒப்படைக்கும் நாளில் இருவரும் பார்த்து மேற்கொண்டு சேர்க்கலாம்."

பார்க்க முடியாத இடம்னு பொதுவா விட்டுடாதீங்க, பேர் சொல்லி எழுதுங்க. "பெரிய படுக்கையறை வடக்குச் சுவர், கட்டிலின் தலைமாடு. வாஷிங் மெஷின் பின்புறம். லாஃப்ட் உள்பகுதி." அப்படி எழுதினா மீதி எல்லாம் பார்த்தாச்சுன்னு ஆயிடும். ஓனருக்கும் பயம் இல்லை, உங்களுக்கும் பிடி இருக்கும்.

மாடிப்போர்ஷன் | 2 மே 2025, இரவு 8:52

இப்படி எழுதி வந்தால் நான் கையெழுத்துப் போடுவேன்.

கூடுமாறி | 3 மே 2025, காலை 7:15

இது தோணவே இல்லை. சரி, அவருக்கு எப்படிச் செய்தி போடறது? அறுபது வயசுக்கு மேல இருக்கும், ரிட்டயர்டு. கொஞ்சம் முகம் கோணினாலும் "என்னை நம்பலையா"ம்பார்.

சாவிக்கொத்து | 3 மே 2025, காலை 9:00

முதல்ல ஃபோன்ல பேசுங்க. பேசினதை அன்னிக்கே வாட்ஸ்அப்ல போட்டு வைங்க. இந்த மாதிரி:

"சார், வணக்கம். மே 31 காலி செய்வது பற்றி இன்று பேசியபடி, வரும் 11ஆம் தேதி ஞாயிறு காலை 10 மணிக்கு நீங்கள் வீட்டுக்கு வந்தால் சேர்ந்து ஒருமுறை பார்த்துவிடலாம். ஏதாவது சரி செய்ய வேண்டியிருந்தால் நான் இருக்கும்போதே ஆள் வைத்துச் செய்து கொடுத்துவிடுகிறேன், உங்களுக்குப் பின்னால் அலைச்சல் இருக்காது. அடுத்து வருபவர்களுக்கும் வீட்டை நல்லபடியாகக் காட்டலாம். அக்ரிமென்ட்படி பெயின்டிங் தொகை இருக்கட்டும், மற்றதை அன்றே பேசிக் குறித்துக்கொள்ளலாம். மே மாத வாடகையை வழக்கம்போல் 5ஆம் தேதிக்குள் அனுப்பிவிடுகிறேன்."

கடைசி வரியை விட்டுடாதீங்க. "கடைசி மாச வாடகையை அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க"ன்னு ஒரு பழக்கம் இருக்கு. ஓனர் அதைப் பார்த்ததும் கையில இருக்கற பணம் குறையுதேன்னு இறுக்கிப் பிடிப்பார், அப்புறம் பொறுமையா வீடு பார்க்கிற பேச்சே வராது. வாடகை நேரத்துக்கு வந்துட்டா தெம்பா வருவார். பெயின்டிங்கை நீங்களே முதல்ல ஒத்துக்கறதும் அதுக்குத்தான். எழுதிக் குடுத்ததை மறுத்துப் பேசினா மத்த எல்லாத்துலயும் நம்பிக்கை போயிடும்.

மூணாம்பக்கம் | 3 மே 2025, காலை 10:40

பெயின்டிங்கை அப்படியே விட்டுக் குடுக்கணுமா? 20,000 பெரிய தொகை.

சாவிக்கொத்து | 3 மே 2025, காலை 11:05

விட்டுக் குடுக்கறது இல்லை, அதுக்கு உள்ள என்னென்ன அடங்கும்னு வரையறுக்கறது. பெயின்டிங்னு ஒரு மாச வாடகை பிடிச்சாச்சுன்னா சுவர்ல இருக்கற ஆணி ஓட்டை, டிவி மாட்டின டிரில் ஓட்டை, பென்சில் கிறுக்கல், சோபா உரசின கறை எல்லாம் அதுக்குள்ள போச்சு. பெயின்டர் பட்டி பார்த்து, தேய்ச்சு, பிரைமர் அடிச்சுத்தான் பெயின்ட் அடிப்பார், ஓட்டை அடைக்கிறது அந்த வேலையிலேயே ஒரு பகுதி. "பெயின்டிங் 20,000, ஓட்டை அடைக்க 3,000"னு தனியா வந்தா அது ஒரே வேலைக்கு ரெண்டு பில். காகிதத்துல "வண்ணப்பூச்சு, சுவர் ஓட்டை, பட்டி உட்பட"ன்னு எழுதுங்க. அந்த "உட்பட"தான் உங்க லாபம்.

நீங்களா போய் ஓட்டையை ஒயிட் சிமென்ட் வெச்சு அடைச்சு மேல பெயின்ட் தொட்டு வைக்காதீங்க. மூணு வருஷ சுவர் நிறம் மங்கியிருக்கும், புது பெயின்ட் திட்டுத்திட்டா தெரியும். ஓட்டையை விட அதுதான் கண்ணை உறுத்தும்.

நல்லிக்காரர் | 3 மே 2025, மாலை 6:20

பிளம்பிங் பக்கம் நான் சொல்றேன். 11ஆம் தேதிக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை பார்த்துடுங்க.

ஃப்ளஷ் டேங்க் ஒழுகுதான்னு பார்க்க, தொட்டிக்குள்ள நாலு சொட்டு உஜாலா விடுங்க. ஃப்ளஷ் பண்ணாம கால் மணி நேரம் கழிச்சு கோப்பையைப் பாருங்க. நீலம் இறங்கியிருந்தா அடி வாஷர் போச்சு. வாஷர் மாத்தறது சின்ன வேலை. விட்டுட்டா ஓனர் கூட்டிட்டு வர்ற ஆள் "முழு செட் மாத்தணும்"பார்.

சிங்க் அடியில ஆங்கிள் வால்வைச் சுத்தி டிஷ்யூ பேப்பரைச் சுத்தி வைங்க, காலையில நனைஞ்சிருந்தா கசிவு. டேப் வாஷர், டேப், கழிவுநீர் அடைப்பு, ஃப்ளஷ் இதெல்லாம் வாடகைக்காரங்க கணக்கு. சுவருக்குள்ள போற பைப் ஓனர் கணக்கு.

அப்புறம், வேளச்சேரி போர் தண்ணி உப்பு. பாத்ரூம் டைல்ஸ், டேப் எல்லாம் வெள்ளை படிஞ்சிருக்கும். அதைப் போக்க ஆசிட் ஊத்தாதீங்க. டைல்ஸ் ஜாயின்ட் அரிச்சுப் போகும், டேப் மேல இருக்கற குரோமியம் கறுத்துடும், அப்புறம் அழுக்கா இருந்த டேப் கெட்ட டேப் ஆயிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்தீங்கன்னா குளோரின் வாயு கிளம்பும், ஜன்னல் இல்லாத பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. சிட்ரிக் ஆசிட் தூள், எலுமிச்சை உப்புன்னு மளிகைக் கடையில கிடைக்கும். ஒரு லிட்டர் வெந்நீர்ல மூணு நாலு ஸ்பூன் கரைச்சு, துணியில நனைச்சு டேப்ல சுத்தி அரை மணி நேரம் விட்டுத் தேய்ங்க. தரை மார்பிள்னா இதுவும் கூடாது.

கூடுமாறி | 4 மே 2025, இரவு 10:30

உஜாலா சோதனையில ஒரு டாய்லெட் மாட்டிக்கிச்சு. ஓனர்கிட்டயும் பேசியாச்சு, 11ஆம் தேதி வரேன்னார். வாட்ஸ்அப்புக்கு "ஓகே" போட்டிருக்கார்.

ஒரு சந்தேகம். சின்ன பெட்ரூம்ல, பாத்ரூமை ஒட்டின சுவர் அடியில ஓதம். பெயின்ட் செதில் செதிலா உரியுது. இதை அவர் என் மேல போடுவாரோ?

நல்லிக்காரர் | 5 மே 2025, காலை 7:10

எந்த உயரத்துல ஆரம்பிக்குது, எப்படி இருக்குன்னு பாருங்க. ஸ்கர்ட்டிங்கை ஒட்டி ஆரம்பிச்சு மேல ஏறி, வெள்ளைப் பொடி மாதிரி உப்பு பூத்திருந்தா தண்ணி சுவருக்குள்ள இருந்து வருது. பாத்ரூம் தரை ஜாயின்ட் வழியாவோ பைப் வழியாவோ இறங்குது. அந்த பாத்ரூமை ரெண்டு மூணு நாள் பூட்டி வைங்க. பூட்டியும் ஈரம் அப்படியே இருந்தா பைப்பைச் சந்தேகப்படணும், லேசா காய ஆரம்பிச்சா தரை ஜாயின்ட். ரெண்டுமே கட்டட வேலை, உங்க தலையில வராது.

கறுப்புப் புள்ளி புள்ளியா பூஞ்சை, அதுவும் பீரோ பின்னாடி மட்டும்னா வேற கதை. அது காத்தோட்டம் இல்லாததால.

மாடிப்போர்ஷன் | 5 மே 2025, காலை 8:00

ஓதம் தெரிந்ததும் எனக்குச் சொல்லியிருந்தாரா என்று ஓனர் கேட்பார். ஒரு வருஷமாக ஒழுகவிட்டு, கடைசியில் காட்டினால், பெரிதானதற்கு யார் பொறுப்பு? பழைய செய்தி ஏதாவது இருந்தால் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுமாறி | 5 மே 2025, காலை 8:25

போன நவம்பர்ல மழை நேரத்துல ஃபோட்டோவோட அனுப்பியிருக்கேன். "பார்க்கலாம்"னு பதில் இருக்கு. உப்பு பூத்த ரகம்தான்.

மாடிப்போர்ஷன் | 5 மே 2025, காலை 8:31

அப்படியானால் அது அவருடையது.

சாவிக்கொத்து | 10 மே 2025, இரவு 9:15

நாளைக்குப் பார்க்கப் போறதால சுருக்கமா. அக்ரிமென்ட், குடி வந்தப்போ எடுத்த ஃபோட்டோ, டார்ச், ஒரு செல்ஃபோன் சார்ஜர் (ஒவ்வொரு பிளக் பாயின்ட்லயும் சொருகிப் பார்க்க), ஒரு பக்கெட் தண்ணி. குடி வந்தப்போ ஃபோட்டோ எடுக்கலைன்னா, அப்போ புரோக்கர் அனுப்பின படம் வாட்ஸ்அப்ல இருக்கும், தேடுங்க.

மெயின் டோர்ல ஆரம்பிச்சு வலது கைப் பக்கமாவே சுத்துங்க, ஒரு அறையை முடிச்சுட்டுத்தான் அடுத்தது. அங்க இங்கன்னு தாவினா ஏதாவது விட்டுப்போகும். நீங்க எழுதுங்க, அவர் சொல்லட்டும். குறை இல்லாததையும் எழுதுங்க: "சமையலறை கிரானைட், சரி." அப்புறம் முளைக்கிற பேச்சுக்கு அந்த "சரி"தான் பதில்.

தொகை பேசும்போது புதுசு விலையை ஒத்துக்காதீங்க. பொருளோட வயசைக் கேளுங்க. கப்போர்டு கதவு பத்து வருஷம் தாங்கும், அஞ்சு வருஷம் ஆயிடுச்சுன்னா பாதி விலைதான் நியாயம்.

கூடுமாறி | 11 மே 2025, மாலை 4:50

முடிஞ்சுது. ஒன்றே கால் மணி நேரம் ஆச்சு. ஓனர் நான் நினைச்ச அளவுக்கு முகம் சுளிக்கலை. அந்த "பார்க்க முடியாத இடம்" வரியைப் படிச்சதும் "இது நல்லாருக்கே"ன்னார்.

ஒத்துக்கிட்டது: பெயின்டிங் 20,000, ஓட்டை, பட்டி உட்பட. கொசுவலை ரெண்டு ஜன்னல்ல கிழிஞ்சிருக்கு, அது என் பொறுப்பு, 1,200. பெரிய பெட்ரூம் கப்போர்டு கதவு ஒண்ணு அடியில ஊறி உப்பியிருக்கு, ஜன்னலைத் திறந்து வெச்சு மழைத்தண்ணி அடிச்சது. கார்பென்டர் ஃபோன்லயே 4,500 சொன்னார். கப்போர்டு அஞ்சு வருஷம் பழசு, அதனால பாதி, 2,250. ஃப்ளஷ் வாஷர், பால்கனி டேப் ரெண்டும் நானே மாத்திக் குடுக்கறேன். ஓதச் சுவர் அவர் பொறுப்புன்னு அவரே எழுதச் சொன்னார்.

நிக்கறது கீசர். தண்ணி சூடாக நேரம் எடுக்குது. எட்டு வருஷம் பழசு. எலிமென்ட் போச்சு, நீங்க மாத்துங்கங்கறார். நான் வரும்போதே அஞ்சு வருஷம் ஓடின கீசர் அது. "31ஆம் தேதி பேசலாம்"னு எழுதி விட்டாச்சு.

மூணாம்பக்கம் | 11 மே 2025, மாலை 5:30

கீசர் மாத்தறது எப்படி உங்க பொறுப்பு ஆகும்? தேய்மானம்!

சாவிக்கொத்து | 11 மே 2025, மாலை 6:40

அட்டவணையில கீசர் ரிப்பேர் வாடகைக்காரர் பக்கம்தான் இருக்கு. ரிப்பேர் வேற, ஆயுசு முடிஞ்ச பொருளை மாத்தறது வேற. எலிமென்ட் மட்டும் போயிருந்தா நீங்க மாத்திக் குடுக்கறதுதான் முறை. டேங்க்கே ஓட்டைன்னா அது வயசு. மெக்கானிக்கைக் கூப்பிட்டு எதுன்னு முதல்ல பாருங்க.

நல்லிக்காரர் | 11 மே 2025, இரவு 7:55

இதுல நான் கொஞ்சம் மாறுபடறேன். உப்புத் தண்ணியில எலிமென்ட் மேல சுண்ணாம்பு படிஞ்சுதான் சூடாக நேரம் எடுக்கும். கழட்டி, படிவை எடுத்துட்டு மாட்டினாலே நிறைய கீசர் பழைய மாதிரி ஓடும். அதனால மாத்தறதுக்கு முன்னாடி சர்வீஸ் பண்ணிப் பாருங்க. ஆனா எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது ஓனர் சர்வீஸ் பண்ணியிருக்கணும், முதல் அஞ்சு வருஷப் படிவுக்கு இவர் எப்படிப் பொறுப்பு? பாதிப் பாதி போட்டுக்கறதுதான் நியாயம்னு எனக்குப் படுது.

அயலூரான் | 12 மே 2025, காலை 9:20

இடையில ஒரு கேள்வி. எங்க ஓனர் அமெரிக்காவுல. வீட்டைப் பார்த்துக்கறது அவரோட மச்சான். மச்சான் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டா செல்லுமா?

சாவிக்கொத்து | 12 மே 2025, காலை 10:00

அக்ரிமென்ட்ல யார் பேர் இருக்கோ அவர்கிட்ட இருந்து ஒரு செய்தி வாங்குங்க: "என் சார்பாக இன்னார் வீட்டைப் பார்த்துப் பிடித்தத் தொகையை முடிவு செய்யலாம், அது எனக்குச் சம்மதம்." இது இல்லாம மச்சான் போட்ட கையெழுத்தை, "அவருக்கு என்ன தெரியும்"னு ஒரே வார்த்தையில தள்ளிடுவாங்க. முடிஞ்சா ஓனரையும் வீடியோ கால்ல வெச்சுக்கிட்டே சுத்துங்க, காகிதத்தை ஃபோட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி "சம்மதம்"னு பதில் வாங்குங்க. அம்மா பேர்ல அக்ரிமென்ட் இருந்து பையன் வந்து பார்க்கற வீட்டுக்கும் இதேதான்.

மூணாம்பக்கம் | 12 மே 2025, மதியம் 12:15

என்ன எழுதி வாங்கினாலும், பணம் கைக்கு வர்ற வரைக்கும் சாவியைக் குடுக்காதீங்க. அதுதான் ஒரே பிடி.

மாடிப்போர்ஷன் | 12 மே 2025, மதியம் 12:50

சாவி உங்களிடம் இருக்கும்வரை வீடு உங்களிடம்தான் இருக்கிறது. ஜூன் மாத வாடகையையும் சேர்த்துக் கேட்பேன்.

சாவிக்கொத்து | 12 மே 2025, மதியம் 1:40

சார் சொல்ற ஆபத்து நிஜம். காலி பண்ணிட்டும் சாவியை வெச்சிருந்தா, காலி பண்ணலைன்னு வாதம் வரும், ஒரு மாசக் கெடுவும் ஓட ஆரம்பிக்காது. அதுக்குப் பதிலா காகிதத்துலயே பணம் வர்ற நாளையும் வழியையும் எழுதிடுங்க: "31ஆம் தேதி சாவி ஒப்படைக்கும்போது இன்ன வங்கிக் கணக்குக்கு." ஓனர் அங்கேயே அனுப்பணும், நீங்க அங்கேயே சாவி குடுக்கணும். அடுத்த டெனன்ட் வந்ததும் தரேன்னு சொன்னா, குறைஞ்சது "எந்தத் தேதிக்கு மேல் போகாது"ன்னு ஒரு தேதியாவது எழுத வைங்க. யூபிஐ ஒரு நாள் வரம்பு ஒரு லட்சம், சில வங்கியில அதுக்கும் கம்மி. முன்னாடியே பார்த்து வைக்கச் சொல்லுங்க, இல்லைன்னா "லிமிட் முடிஞ்சுது, நாளைக்கு அனுப்பறேன்"ல வந்து நிக்கும்.

கூடுமாறி | 30 மே 2025, இரவு 11:10

நாளைக்குச் சாவி. கீசரைக் கழட்டிப் பார்த்தாச்சு, நல்லிக்காரர் சொன்னபடி சுண்ணாம்புதான். சர்வீஸ் செலவை நான் போட்டேன், சூடாகுது. பாதியைக் கேக்கலை.

ஈபி எப்படிக் கணக்குப் பண்றது? மே 5ஆம் தேதி ரீடிங் எடுத்துட்டாங்க, அந்த பில்லைக் கட்டியாச்சு. அடுத்த ரீடிங் ஜூலையில. இதுவரைக்கும் 400 யூனிட் ஓடியிருக்கு, ஏசி.

சாவிக்கொத்து | 31 மே 2025, காலை 6:30

ஜூலை பில் வரட்டும்னு விட்டீங்கன்னா புதுசா வர்றவங்க ஓட்டற யூனிட்டும் உங்களதும் கலந்துடும். ரெண்டு மாசத்துல மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினா கீழ் அடுக்கோட விலையும் கூடும், அவங்க ஓட்டினதுக்கு நீங்க கூடுதல் விலை குடுக்கணும். அதனால இன்னியோட பில் மூடின மாதிரி 400 யூனிட்டுக்குக் கணக்குப் போடுங்க, முதல் 100 போக 1,175 ரூபாய் வரும். மீட்டரை, நம்பர் தெரியற மாதிரி ரெண்டு பேரும் நிக்கும்போதே ஃபோட்டோ எடுங்க.

அந்த இலவச 100 யூனிட்டை நீங்களே எடுத்துக்கறீங்களேன்னு ஓனர் கேக்கலாம். புதுசா வர்றவங்களுக்கு அது இந்தச் சுற்றுல கிடைக்காதுங்கறது உண்மைதான். அதை ஆளுக்கு 50னு பிரிக்கறவங்களும் உண்டு. வழக்கம்னு ஒண்ணும் கிடையாது.

கூடுமாறி | 31 மே 2025, மாலை 6:05

100 யூனிட்டைப் பத்தி அவர் கேக்கவே இல்லை. கட்டில் பின்னாடி சுவர், வாஷிங் மெஷின் பின்னாடி ரெண்டும் சுத்தம். லாஃப்ட்ல பழைய பெயின்ட் டப்பா ரெண்டு இருந்துச்சு, அது அவரோடதே.

பெயின்டிங் 20,000 + கொசுவலை 1,200 + கப்போர்டு 2,250 + ஈபி 1,175 = 24,625. மீதி 75,375. அசோசியேஷன் மெயின்டனன்ஸ் பாக்கி இல்லைன்னு செக்ரட்டரிகிட்ட எழுதி வாங்கி அதையும் குடுத்தேன். மெயின் டோர் சாவி 3, கப்போர்டு சாவி 4, லெட்டர் பாக்ஸ் சாவி 1, எண்ணி வாங்கிக்கிட்டார். அங்கேயே பணம் வந்துச்சு, ரெண்டு தவணையா, லிமிட் பிரச்சனை வந்தது நிஜம்தான்.

மதுரைக்காரி | 1 ஜூன் 2025, காலை 9:45

இதே காகிதத்தை எங்க ஒத்தி வீட்டுக்கும் எழுதிக் காட்டினேன். வீட்டுக்காரம்மா கப்போர்டு, ஃபேன் எல்லாம் சரின்னுட்டாங்க. பீரோ பின்னாடி கறுப்பு பூஞ்சை இருக்கு, அதுக்கு மட்டும் 5,000 கேக்கறாங்க. ஜன்னல் அந்தச் சுவர்ல கிடையாது, பீரோ வைக்க வேற இடமும் கிடையாது. காத்தோட்டம் இல்லாதது எங்க தப்பா, வீட்டு அமைப்பா?

நல்லிக்காரர் | 1 ஜூன் 2025, மதியம் 12:30

அந்தச் சுவரோட மறுபக்கம் என்ன இருக்கு மேடம்? பாத்ரூமா, வெளிச்சுவரா? வெளிச்சுவர்னா மழை வாங்கற பக்கமான்னு பாருங்க. பீரோவை ஒரு சாண் முன்னாடி இழுத்து, பூஞ்சையைத் துடைச்சுட்டு ஒரு வாரம் விடுங்க. திரும்பப் பூத்தா சுவருக்குள்ள ஈரம் இருக்கு, பணம் குடுக்க வேண்டியது இல்லைன்னு பேசலாம். வரலைன்னா 5,000 அதிகம், அந்தச் சுவரை மட்டும் பூஞ்சை மருந்து அடிச்சு, பிரைமர் போட்டு பெயின்ட் பண்ண உங்க ஊர் பெயின்டர்கிட்ட ஒரு விலை கேட்டுட்டுப் பேசுங்க.

மாடிப்போர்ஷன் | 1 ஜூன் 2025, மாலை 5:10

பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தது குடித்தனக்காரர்தான் என்று நான் சொல்வேன். ஆனால் வேறு இடமே இல்லாத அறை என்றால் என்னாலும் முழுத் தொகை கேட்க முடியாது.